உப்பே போடாத நூடுல்ஸில் எவ்வளவு சோடியம்? வீட்டிலேயே கணக்குப் போடலாம்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை ஆரம்பித்ததும் உப்புச் சாடியை மேல் அலமாரியில் ஏற்றிவிட்டோம். சாயங்கால நூடுல்ஸ் மட்டும் நிற்கவில்லை. "நான்தான் ஒரு கல் உப்புகூடப் போடலையே கண்ணு" என்பார். ஒருநாள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நீங்களும் போட ஒரு பேனாவும் போன் கால்குலேட்டரும் போதும்.

முதலில் வரம்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பாகச் சொன்னால் 5 கிராம், ஒரு டீஸ்பூன் அளவு.

படி 1: நூடுல்ஸ் பாக்கெட். பின்பக்க அட்டவணையில் சோடியம் வரியைப் பாருங்கள். அந்த எண் பெரும்பாலும் 100 கிராமுக்கு உரியது. பலர் தவறுவது இங்கேதான். உதாரணமாக 100 கிராமுக்கு 1,100 மில்லிகிராம் என்று இருந்து பாக்கெட் 70 கிராம் என்றால், 1,100 × 70 ÷ 100 = 770. பெரிய பாக்கெட்டில் "ஒரு பரிமாறல்" என்று போட்டிருக்கும் அளவை நம்பாமல், நீங்கள் உண்மையில் சாப்பிடும் கிராமை வைத்தே பெருக்குங்கள்.

படி 2: மசாலா கட்டி. அம்மா அரைக் கட்டி உடைத்துப் போடுவார். கட்டி மஸ்கட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்தது. அதன் அட்டவணையில் சோடியம் வரியே இல்லை, உப்பு என்றுதான் இருந்தது: 100 கிராமுக்கு 50 கிராம். வெளிநாட்டுப் பாக்கெட்டுகளில் இப்படி வரும். உப்பின் கிராமை 400-ஆல் பெருக்கினால் சோடியம் மில்லிகிராமில் கிடைக்கும். 10 கிராம் கட்டியில் உப்பு 5 கிராம். அரைக் கட்டியில் 2.5 கிராம், அதாவது 1,000 மில்லிகிராம் சோடியம்.

படி 3: அஜினோமோட்டோ. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் இதில் சோடியம் எட்டில் ஒரு பங்குதான், சாதா உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு. ஒரு கிராம் தூவினால் சுமார் 120. பாக்கெட்டின் பொருள் பட்டியலில் ஏற்கெனவே 621, 627, 631, 635 என்ற சுவைகூட்டி எண்கள் இருந்தால் தனியே கூட்டாதீர்கள். அவை அட்டவணையின் சோடியத்திலேயே அடங்கிவிடும்.

படி 4: கூட்டுங்கள். 770 + 1,000 + 120 = 1,890. ஒரு நாள் வரம்பில் 94.5 சதவீதம். காலை இட்லியும் மதியச் சாம்பாரும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. அம்மா எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

குறைக்கத் தொடங்கும்போது பெரிய எண்ணில் கைவையுங்கள். நாங்கள் கட்டியை நிறுத்தினோம், 890 ஆனது. நூடுல்ஸ் பாக்கெட்டோடு வரும் மசாலாப் பொடியைப் பாதியாக்கினால் 770 பாதியாகிவிடாது, நூடுல்ஸ் மாவிலேயே உப்பு இருக்கிறது. வெந்த தண்ணீரை வடித்துவிட்டுப் பொடியைப் பிறகு போட்டால் மாவின் உப்பும் கொஞ்சம் போகும். எவ்வளவு என்று அட்டவணை சொல்லாது, அதனால் கணக்கில் கழிப்பதில்லை. இப்போது அம்மா சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை தாளித்து, இறக்கியபின் எலுமிச்சை பிழிகிறார்.