வீடியோ காலில் வரும் 'போலீஸ்': அழைப்பைத் துண்டியுங்கள்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குப் போன வாரம் வந்த அழைப்பு இது. "உங்க ஆதார் நம்பர்ல அனுப்பின பார்சல்ல போதைப்பொருள் இருக்கு" என்றது ஒரு குரல். அடுத்து வாட்ஸ்அப் வீடியோ காலில் காக்கிச்சட்டை, பின்னால் காவல்துறைச் சின்னம், கையில் கைது வாரண்ட். கூடவே கட்டளை: "கேமராவை அணைக்காதீங்க, ரூமை விட்டு வராதீங்க, பிள்ளைங்ககிட்டகூடச் சொல்லாதீங்க."

இந்தக் கடைசி வரியில்தான் குட்டு உடைகிறது. உண்மையான போலீஸ் கைது செய்தால் குடும்பத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். இப்படி வீடியோ காலிலேயே செய்யும் 'டிஜிட்டல் கைது' என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. அடுத்து இந்த மோசடிக்காரர்கள், "பணத்தைச் சரிபார்க்க ரிசர்வ் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்க, திருப்பித் தருவோம்" என்பார்கள். எந்த விசாரணையும் அப்படி நடக்காது.

அழைப்பைத் துண்டியுங்கள். ஒன்றும் ஆகாது, திரும்பத் திரும்ப அழைப்பார்கள், அவ்வளவுதான். அழைத்த எண்ணையும் வாட்ஸ்அப் சாட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். பணம் போகவில்லை என்றால் sancharsaathi.gov.in தளத்தில் 'சக்ஷு' பகுதியில் புகார் தரலாம்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் வங்கியால் முடக்க முடியும். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

ஆசிரியை தப்பித்தது எப்படி என்கிறீர்களா? பால்காரர் மணி அடித்தார், கதவைத் திறக்க எழுந்துவிட்டார்.