ஃபார்ம் 16 படத்தில் எந்த எண்ணை எடுப்பது?

ஜூலை பிறந்தால் என் வாட்ஸ்அப் முழுக்க ஃபார்ம் 16 படங்கள்தான். மதுரையில் சிம்மக்கல் பக்கம் நண்பர்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். போன வருஷம் (2024-25 கணக்கு) திருமங்கலத்து ஆசிரியர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் பழைய வரி முறையில் இருந்தவர்.

வேறொருவர் போட்டுக் கொடுத்த கணக்கில் பிடித்த வரி 31,616 ரூபாயும் அப்படியே திரும்ப வருவதாகக் காட்டியது. ஆசிரியருக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் இடித்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பகுதி பி-யில் 1(a), அதாவது 17(1)-இன்படி சம்பளம், 8,64,000. வீட்டு வாடகைப்படி விலக்கு 72,000. மிச்சம் 7,92,000, இதுதான் 3-ஆவது வரி. அதில் நிலையான கழிவு 50,000, தொழில்வரி 2,500 போக, 6-ஆவது வரியில் 7,39,500. போட்டவர் இந்தக் கடைசி எண்ணை மொத்தச் சம்பளம் என்று எடுத்துவிட்டார். கண்ணுக்குத் தடித்த எழுத்தில் தெரிவது அதுதானே! அப்புறம் விலக்கு, கழிவு எல்லாம் மறுபடியும் கழிந்தன. 80சி-யின் ஒன்றரை லட்சமும் போக வருமானம் 4,65,000 ஆகிவிட்டது. ஐந்து லட்சத்துக்குள் வந்ததால் தள்ளுபடியில் வரி பூஜ்யம். உண்மையில் வருமானம் 5,89,500. வரி, செஸ் சேர்த்து 31,616. ரீஃபண்டு கிடையாது.

அப்படியே அனுப்பியிருந்தால், முதலாளி தாக்கல் செய்த விவரத்தோடு பொருந்தாமல் வரித் துறையிடமிருந்து கடிதம் வந்திருக்கலாம்.

படம் மங்கலாக இருந்தால் 3-ம் 8-ம் குழப்பும். கணக்கே காட்டிக் கொடுத்துவிடும்: சம்பள மொத்தமான 1(d)-இலிருந்து விலக்கு மொத்தத்தைக் கழித்தால் 3-ஆவது வரி வர வேண்டும். வரவில்லை என்றால் படித்ததில்தான் பிழை. படத்தின் வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் மொத்தம் எழுதும் கட்டமே காணாமல் போயிருக்கும். உள்கட்டத்தில் இருக்கும் தனி விலக்கை மொத்தமாக எண்ணிவிடாதீர்கள்.

பிடித்த வரியைப் பகுதி பி-யின் கடைசியில் தேடுவது இன்னொரு பழக்கம். அங்கே இருப்பது கணக்கிட்ட வரி. பிடித்தது பகுதி ஏ-யில் காலாண்டு வாரியாக இருக்கும். ஆசிரியருக்கு 6,000, 6,000, 9,000, 10,616. கூட்டிப் பார்த்து, வரித் துறையின் 26AS பட்டியலில் அதே தொகை இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். சம்பளத்தில் பிடித்துவிட்டு அலுவலகம் கட்டாமல் விட்டால் அங்கேதான் தெரியும். பகுதி ஏ-யில் 'பணம் கொடுத்தது' என்று வரும் தொகையை மொத்தச் சம்பளமாக எடுக்க வேண்டாம்; அது 17(1)-ஓடு எப்போதும் ஒத்துப் போகாது.

விலக்குக் கட்டம் காலியாக இருந்தால், பகுதி பி-யின் மேலே, 115BAC-இலிருந்து விலகுகிறாரா என்ற கேள்விக்கு No என்றிருக்கிறதா பாருங்கள். அலுவலகம் புதிய முறையில் கணக்குப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். அதில் வாடகைப்படி விலக்கு கிடையாது.