மேஸ்திரிக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு கொடுப்பது? ஒரு வாய்க்கால் பாலத்தின் கணக்கு

முதன்முதலாக ஒரு வேலையை எடுத்து, அதை உள் ஒப்பந்தமாக ஒரு மேஸ்திரியிடம் விடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மன்னார்குடிப் பக்கம் கிளை வாய்க்கால் ஒன்றின் குறுக்கே நான்கு மீட்டர் அகலத்துக்கு ஒரு சிறு பாலம் கட்டினேன். பொருள், கூலி இரண்டும் சேர்த்து மேஸ்திரிக்கு ஆறு லட்சம் ரூபாய் என்று பேச்சு.

1. நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

வாய்க்கால் வேலைக்குத் தண்ணீர்தான் கெடு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கிறார்கள். தளத்தின் அடியில் முட்டு நிற்கும்போது வாய்க்காலில் தண்ணீர் வந்தால் எல்லாம் போயிற்று. நாலரை மீட்டர் வரையிலான தளத்துக்கு முட்டு குறைந்தது ஏழு நாள் நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. நான் பதினான்கு நாள் விடுவேன். ஆகவே மே 25-க்குள் தளம் போட்டாக வேண்டும்.

2. தவணையைச் செலவுக்கு ஏற்பப் பிரியுங்கள்

பள்ளம் தோண்டியதும் பாதிப் பணம் கேட்பது வழக்கம். பள்ளத்தின் மதிப்போ பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நான் பிரித்தது இப்படி: பள்ளமும் நீர் இறைப்பும் 50,000, அடித்தளம் 1,10,000, இரு பக்கச் சுவர்கள் 1,90,000, மேல்தளம் 1,60,000, கைப்பிடிச் சுவரும் மண் நிரப்பலும் 90,000. ஒவ்வொரு தவணையிலும் ஐந்து சதவீதம் பிடித்தம். "முக்கால்வாசி முடிந்துவிட்டது" என்ற பேச்சுக்கு இடமில்லை, கட்டம் முடிந்தால்தான் பணம்.

3. மூடுவதற்கு முன் பாருங்கள்

கான்கிரீட் விழுந்தபின் கம்பியைப் பார்க்க முடியாது. அதனால் நான் பார்த்துக் கையெழுத்திடாமல் கலவை இயந்திரம் ஓடக்கூடாது என்று முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். பள்ளத்தில் தண்ணீரை இறைத்துவிட்டு, அடிமண்ணில் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். நம் களிமண் ஊறினால் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். அந்தச் சேற்றை வழித்தெடுக்காமல் மேலே எதுவும் போடக்கூடாது. கம்பி கட்டியதும் இடைவெளியை டேப் பிடித்து அளந்து, கம்பியை அடியிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அதற்குப் பதிலாகக் கருங்கல் ஜல்லியை வைத்திருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கான்கிரீட் போடும் நாளில் மூட்டையை எண்ணுங்கள். எம்20 கலவைக்கு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய எட்டு மூட்டை சிமென்ட் வேண்டும். ஆறு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரம், 30 செ.மீ. கனமுள்ள சுவர் 3.6 கன மீட்டர். ஆக, 29 மூட்டை. காலிச் சாக்கை மட்டும் எண்ணினால் போதாது. சாக்கு வேறு இடத்திலிருந்தும் வரும். காலையில் அடுக்கிலிருந்த முழு மூட்டைகளிலிருந்து மாலையில் மிச்சமிருப்பதைக் கழித்துப் பாருங்கள்.

4. பணக் கஷ்டம் முதலில் தெரியும் இடம்

என் மேஸ்திரியின் வேலையில் குறையில்லை, மூட்டைக் கணக்கும் சரியாகவே இருந்தது. ஆனால் மே இரண்டாம் வாரத்தில் ஒன்பது ஆட்கள் நான்காகக் குறைந்தார்கள். சித்தாள் ஒருவர், போன சனிக்கிழமைக் கூலி பாதிதான் வந்தது என்றார். கம்பிக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் பில் பாஸ் ஆகிவிட்டதா?" என்று சாதாரணமாகக் கேட்டார். கடைக்காரர் நம்மிடம் அப்படி விசாரித்தால் அங்கே பாக்கி நிற்கிறது என்று பொருள். அன்று மாலையே மேஸ்திரி ஒன்றரை லட்சம் முன்பணம் கேட்டார். ஒரு பக்கச் சுவர் மட்டுமே முடிந்திருந்தது.

5. கொடுக்கலாமா என்று கணக்குப் போடுங்கள்

முதல் இரு கட்டங்களுக்கு, பிடித்தம் போக, 1,52,000 கொடுத்திருந்தேன். கையில் மீதி 4,48,000. இந்த ஆள் நாளை வராவிட்டால்? இன்னொரு சுவர் 95,000, தளம் 1,60,000, கடைசிக் கட்டம் 90,000 என மிச்ச வேலை 3,45,000. நடுவில் வரும் புது மேஸ்திரி கூடுதலாகக் கேட்பார். அதற்குப் பதினைந்து சதவீதம் சேர்த்தால் சுமார் 3,97,000. ஆக, நான் துணிந்து கொடுக்கக்கூடியது 51,000 மட்டுமே.

அதையும் மேஸ்திரியின் கையில் கொடுக்கவில்லை. அவர் சம்மதத்தை எழுதி வாங்கிக்கொண்டு, கம்பிக் கடைக்கு 34,000 நேரடியாகக் கட்டி ரசீது வாங்கினேன். சனிக்கிழமை கூலிப் பாக்கி 14,000-ஐ அவர் முன்னிலையில் ஆட்களுக்கே கொடுத்தேன். இரண்டும் சுவர் தவணையில் கழிவு. மேஸ்திரிக்குக் கோபம்தான். ஆனால் திங்கட்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். மே 23-ல் தளம் விழுந்தது.

6. பிடித்தத்தை மழைக்குப் பிறகு கொடுங்கள்

பிடித்து வைத்த 30,000-ஐப் பொங்கல் வரை வைத்திருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் நிரப்பிய மண் எவ்வளவு இறுகியிருந்தது என்பது தெரியும். சுவரை ஒட்டி அரை அடி இறங்கியிருந்தது. மேஸ்திரி இரண்டு டிராக்டர் கிராவல் கொட்டி இடித்து இறுக்கிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிப் போனார்.