பாக்கெட் ஃபோல்டர் டை: ஸ்பைனுக்கு இடம் விட்டால் மட்டும் போதாது

கிருஷ்ணகிரியில் ஒரு பயிற்சி மையத்துக்கு ஃபோல்டர் டெம்ப்ளேட் வரைந்தேன். இரண்டு பாக்கெட்டிலும் முப்பது முப்பது தாள் வைப்பார்கள். 75 ஜிஎஸ்எம் தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன். ஆக மொத்தம் 6 மி.மீ. நடு மடிப்பான ஸ்பைனில் 6 மி.மீ. இடைவெளியில் இரண்டு க்ரீஸ், அதாவது மடிப்புக் கோடு, போட்டேன். பாக்கெட்டின் அடி மடிப்பில் மட்டும் ஒற்றைக் க்ரீஸ்தான். தாளை வைத்ததும் பாக்கெட் உப்பியது, ஒட்டிய ஓரம் பிரிந்தது.

ஸ்பைன் இரண்டு பக்கத் தடிமனையும் சேர்த்துத் தாங்க வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டும் தன்னுள் இருக்கும் தாளைத் தாங்க வேண்டும். அதனால் ஸ்பைன் 6 என்றால் பாக்கெட்டின் அடியிலும், ஒட்டும் பக்கத்திலும் 3 மி.மீ. இடைவெளியில் இரட்டைக் க்ரீஸ் தேவை. 220 மி.மீ. அகல அட்டை என்றால் விரித்த அகலம் 446. ஒட்டும் மடிப்பு இதற்கு மேல். 305 உயரத்தோடு அடியின் 3, பாக்கெட்டின் 100 சேர்ந்து 408. பாக்கெட் ஸ்பைன் க்ரீஸ் வரை வரக்கூடாது. இரண்டு பக்கமும் 3 மி.மீ. முன்பே நிறுத்துங்கள், இல்லையென்றால் மூடும்போது இரண்டும் இடிக்கும்.

பாக்கெட் ஆழத்தைக் குறைத்துக் காகிதம் மிச்சப்படுத்தச் சிலர் 75 மி.மீ. வைக்கிறார்கள். பாக்கெட்டின் முகப்பில் செருகும் விசிட்டிங் கார்டு சுமார் 90க்கு 54 மி.மீ. அதன் நான்கு மூலைகளுக்கும் சாய்வு வெட்டு போட்டால் மேலும் கீழும் பத்து மி.மீ. அளவுக்குத்தான் மிஞ்சும். கார்டைச் செருகும்போது மேல் ஓரம் கிழிய வாய்ப்பு அதிகம். 100 மி.மீ. ஆழத்தில் 22 மி.மீ. கிடைக்கும், அதுதான் எனக்குத் திருப்தி. வெட்டுகளை 92க்கு 56 என்று சற்றுத் தளர்வாக வையுங்கள், இறுகினால் கார்டு வளையும்.

அப்புறம், அடிக்கடி நடப்பது இதுதான். கார்டு உள்ளே வலது பாக்கெட்டில் வர வேண்டும் என்றால், டெம்ப்ளேட்டிலும் வலது பக்கம் வரைந்துவிடுகிறோம். டெம்ப்ளேட் அச்சுப் பக்கத்தைக் காட்டுகிறது, அதில் முன்அட்டை வலது, பின்அட்டை இடது. திறந்து உள்ளே பார்க்கும்போது பின்அட்டைதான் வலப்பக்கம். ஆகவே கார்டு வெட்டு இடது பாக்கெட்டில் வர வேண்டும். பாக்கெட் மேலே மடிந்து வருவதால் அதில் உள்ள எழுத்தும் லோகோவும் டெம்ப்ளேட்டில் தலைகீழாக இருக்க வேண்டும்.

லேமினேஷன் போட்ட பரப்பில் சாதாரணப் பசை பிடிக்காது. ஒட்டும் மடிப்பின் அச்சுப் பக்கம்தான் பசை வாங்குகிறது, அதை பேஸ்டிங் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டை போர்டுக்குக் கொடுக்குமுன் அதே 300 ஜிஎஸ்எம் அட்டையில் கையால் ஒரு டம்மி வெட்டி, முப்பது தாள் இருபுறமும் செருகி மூடுங்கள். அட்டை தானாகத் திறந்து நின்றால் ஸ்பைன் போதவில்லை. அடி மடிப்பு உருண்டு நின்றால் பாக்கெட்டின் இடைவெளி போதவில்லை.