பொதுநல வழக்கு பிராப்ளம் கேள்வி: மனுதாரரின் கையை முதலில் பாருங்கள்

அரசியலமைப்புச் சட்டத் தாளில் பொதுநல வழக்கு பற்றி ஒரு கதை கொடுத்து "இந்த மனு நிலைக்குமா?" என்று கேட்பார்கள். முதல் முறை எழுதியபோது எஸ்.பி. குப்தா வழக்கு, 1981, பொது அக்கறையுள்ள யாரும் வரலாம் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு வந்தேன். விடைத்தாளைத் திரும்பப் பார்த்தபோது கேள்வியின் கடைசி வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள். நான் படித்தும் கவனிக்காத வரி அது. அதற்கப்புறம் இந்த வகைக் கேள்விகளை எப்படிப் பிரிப்பது என்று நானே பழகிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ரிட் என்றால் என்ன, பிரிவு 32, 226 எவை என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நம் ஊர்க் கதை ஒன்றையே எடுத்துக்கொள்வோம், நானே கட்டியது:

*திருத்துறைப்பூண்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு போடுகிறார். வேதாரண்யம் பக்கத்தில் பதிவு இல்லாமல் நடக்கும் இறால் பண்ணை உப்புக் கழிவுநீரைப் பாசன வாய்க்காலில் விடுகிறது என்கிறார். அவருக்கு அங்கே நிலம் இல்லை. மூன்று கோரிக்கைகள்: பண்ணையை மூட வேண்டும், இறால் வளர்ப்பையே தடைசெய்யும் சட்டம் இயற்ற அரசுக்கு உத்தரவிட வேண்டும், கண்காணிக்க 40 ஆய்வாளர் பணியிடங்களை உருவாக்க வேண்டும். ஆசிரியரின் தம்பி அதே ஊரில் வேறொரு இறால் பண்ணை நடத்துகிறார்.*

படி 1: யார் வந்திருக்கிறார்?

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். "அவருக்கு நிலம் இல்லை" என்ற வரி உங்களை இழுக்கும். அதிலேயே நின்றுவிடாதீர்கள். 1981க்குப் பிறகு அது பெரிய தடையே இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் ஏழ்மையாலோ இயலாமையாலோ நீதிமன்றப் படியேற முடியாதபோது அவர்களுக்காக நல்லெண்ணத்தோடு இன்னொருவர் வரலாம் என்று எஸ்.பி. குப்தா வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. நல்லெண்ணம் என்ற அந்த ஒரு சொல்லில்தான் மொத்த மதிப்பெண்ணும் தொங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று நம் டெல்டாவில் கிளம்பியது. இறால் பண்ணைகளுக்கு எதிராக கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவராக இருந்த எஸ். ஜெகந்நாதன் 1994இல் பிரிவு 32இன் கீழ் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கால் அவருக்குச் சொந்த லாபம் எதுவும் இல்லை, மனு நின்றது. மற்றொன்று 1991இல் முடிந்த சுபாஷ் குமார் எதிர் பீகார் அரசு. ஆற்றில் நிலக்கரிச் சேறு கலக்கிறது, தண்ணீர் கெடுகிறது என்று மனு. மாசில்லாத நீரும் காற்றும் பிரிவு 21இன் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று அந்தத் தீர்ப்பே சொன்னது. ஆனாலும் மனு தள்ளுபடி. ஏனென்றால் மனுதாரர் அதே நிறுவனத்திடம் அந்தச் சேற்றை விலைக்கு வாங்கிவந்தவர், கூடுதலாகக் கேட்டுக் கிடைக்காத கோபத்தில் வந்திருக்கிறார் என்று நீதிமன்றம் கண்டது. உரிமை உண்மைதான், ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு வந்த கை சரியில்லை.

இப்போது நம் கதையின் கடைசி வரிக்குத் திரும்புங்கள். தம்பிக்குப் போட்டிப் பண்ணை. இதை வைத்து "மனு நிலைக்காது" என்று ஒரே அடியாக முடிக்காதீர்கள், தம்பியின் தொழில் அண்ணனின் நோக்கத்துக்குச் சான்று ஆகிவிடாது. அதை மனுவில் அவர் மறைத்தாரா, வெளிப்படையாகச் சொன்னாரா என்று கேளுங்கள். மறைத்திருந்தால் சுபாஷ் குமார் வழக்கு அவர் மீது பாயும். 2010இல் பல்வந்த் சிங் சௌஃபால் வழக்கிலும் மனுதாரரின் பின்புலத்தையும் உள்நோக்கத்தையும் முதலிலேயே சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

படி 2: எந்த வாசல்?

சீக்கிரம் முடித்துவிடலாம். பிரிவு 32 என்றால் அடிப்படை உரிமை மீறலைக் காட்டியாக வேண்டும். 226 அதைவிட அகலம், சட்டம் சுமத்திய கடமையை அதிகாரி செய்யவில்லை என்றாலே போதும். பதிவில்லாத பண்ணைக்கு 226தான் வசதி.

படி 3: கோரிக்கைகளைத் தனித்தனியாக வெட்டுங்கள்

மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் எழுதுவது அடுத்த தப்பு. ஒவ்வொன்றுக்கும் "இதற்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

முதல் கோரிக்கைக்கு இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டப்படி பண்ணை பதிவு செய்திருக்க வேண்டும். அதைச் செயல்படுத்து என்று ஆணையத்துக்கு உத்தரவிடலாம். கழிவுநீர் வந்ததா இல்லையா என்பதில் தகராறு இருந்தால் நிபுணர் ஆய்வு கேட்கலாம். எங்கள் மாமாவின் வயல் ஒரு பண்ணைக்கு அடுத்தது. கோடையில் வரப்போரம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், காலால் தேய்த்தால் மாவு போல உதிரும். ஆனால் அது பண்ணையிலிருந்து கசிந்ததா, கடல்நீர் உள்ளே ஏறியதா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. ஜெகந்நாதன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தானே முடிவு கட்டவில்லை, நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனத்தை அனுப்பி அறிக்கை வாங்கியது.

இரண்டாவது கோரிக்கை கிடைக்காது. சட்டமன்றத்தைப் பார்த்து இந்தச் சட்டத்தை இயற்று என்று நீதிமன்றம் ஆணையிட முடியாது. "விசாகா வழக்கில் செய்தார்களே" என்பீர்கள். 1997இல் அங்கே பணியிடப் பாலியல் தொல்லைக்குச் சட்டமே இல்லாத வெற்றிடம், அடிப்படை உரிமை மீறல் கண்முன்னே, அதுவும் சட்டம் வரும்வரை மட்டும். இங்கே சட்டம் இருக்கிறது, அது இறால் வளர்ப்பை அனுமதிக்கிறது.

மூன்றாவதும் இல்லை. ஆரவல்லி கோல்ஃப் கிளப் வழக்கில், 2007, தோட்டக்காரர்களாகச் சேர்ந்து டிராக்டர் ஓட்டியவர்களுக்காகப் பணியிடம் உருவாக்கச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பணியிடம் உருவாக்குவது நிர்வாகத்தின் வேலை.

ஜெகந்நாதன் வழக்கின் தீர்ப்பு 1996 டிசம்பர் 11. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது, பாரம்பரிய முறைக்கு மட்டும் விலக்கு. அது அந்த மண்டலத்தை வரையறுத்த 1991 அறிவிக்கையை வைத்துச் சொல்லப்பட்டது, நீதிமன்றம் புதிதாகக் கண்டுபிடித்த விதி அல்ல. அப்புறம் நாடாளுமன்றம் 2005 சட்டத்தில், அந்த அறிவிக்கையின் தடை கடலோர நீருயிரி வளர்ப்புக்குப் பொருந்தாது என்று 1991இலிருந்தே இருந்ததுபோல ஒரு வரியைச் சேர்த்தது. தீர்ப்பு நின்ற தரையையே எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்றும் மனக்கசப்பு உண்டு, ஆனால் விடைத்தாளில் இதை எழுதினால்தான் நீதிமன்றத்தின் எல்லை எது என்று உங்களுக்குப் புரிந்திருப்பது தெரியும்.

கைடு புத்தகத்தின் நான்கு வரிச் சுருக்கத்தை நம்பாதீர்கள். indiankanoon.org போய்த் தீர்ப்பின் முதல் சில பத்திகளையும் கடைசி உத்தரவுகளையும் மட்டுமாவது படியுங்கள். மனுதாரர் யார், என்ன கேட்டார், என்ன கிடைத்தது என்பது அந்த இரண்டு இடத்தில்தான் இருக்கும்.

பிற்சேர்க்கை: மனுதாரர் கெட்ட நோக்கத்தோடு வந்தால் வாய்க்காலின் கதி என்ன என்று ஒரு தோழி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஷீலா பார்சே வழக்கில், 1988, மனுதாரர் விலக நினைத்தபோதும் வழக்கு அவருடைய சொத்து அல்ல என்று சொல்லி, சட்ட உதவிக் குழுவை அவர் இடத்தில் வைத்து நடத்தினார்கள். அதனால் ஆசிரியரை நீக்கிவிட்டு நீதிமன்றமே விஷயத்தைத் தொடரலாம் என்று ஒரு வரி சேருங்கள்.

இன்னொன்று, தஞ்சாவூர் நண்பர் ஒருவர் இந்தக் கதைக்கு மதுரைக் கிளை என்று எழுதியிருந்தார். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைக்கு மதுரை சரி. திருவாரூர், நாகப்பட்டினம் சென்னைக்குப் போகும். வேதாரண்யம் நாகை மாவட்டம்.