தீபாவளிக்கு முந்தைய பணமுடை: நான் சரிசெய்த விதம்

துணியும் ஸ்வீட்டும் விற்கும் என் கடையில் சரக்கு நிறைந்திருக்கும், கல்லாவில் பணம் இருக்காது. காரணம் தேதிதான். தீபாவளிக்கு 60 நாள் முன்பு 45 நாள் கடனில் 6 லட்சத்துக்குத் துணி எடுத்தால், 15 நாள் முன்பே பாக்கி கட்ட வேண்டும். ஸ்வீட்டுக்கான நெய், சர்க்கரை, மாஸ்டர் கூலி எல்லாம் ரொக்கமாகக் கேட்பதும் அப்போதுதான். துணி விற்பனையோ கடைசிப் பத்து நாளில்தான் சூடுபிடிக்கும்.

இப்போது முதலில் 2 லட்சத்துக்கு மட்டும் எடுக்கிறேன். மீதி 4 லட்சத்துக்கு 35 நாள் முன்பு. அந்தக் கெடு பண்டிகை முடிந்து பத்தாம் நாள் வருகிறது. தாமதமாக எடுப்பதால் சில டிசைன் கிடைக்காது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அலுவலக ஸ்வீட் பாக்ஸ் ஆர்டருக்குப் பாதி முன்பணம் கண்டிப்பாக வாங்குகிறேன். நெய் அதில் வந்துவிடும். விற்பனையில் வந்த ஜிஎஸ்டியை அன்றிரவே தனிக் கணக்கில் போடுகிறேன், அடுத்த மாதம் 20-ஆம் தேதி கட்ட வேண்டிய பணம் அது.