“விறைப்பைக் குறைங்க” என்றால் எவ்வளவு குறைப்பது? திருத்தக் குறிப்பு எழுதும் முறை

ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு “ரொம்ப விறைப்பா இருக்கு, கொஞ்சம் இயல்பா எழுதுங்க” என்கிறோம். அவர் மாற்றிக்கொண்டு வருகிறார். இப்போது முன்பின் தெரியாதவரிடம் தோளில் கைபோட்டுப் பேசுவதுபோல இருக்கிறது. “அய்யோ, இவ்வளவு வேண்டாம்” என்கிறோம். அடுத்த தடவை வருவது கிட்டத்தட்ட முதல் கடிதமேதான். இருவருக்கும் அலுத்துப்போன பிறகு, கையில் இருப்பதை அனுப்பிவிடுகிறோம்.

இதில் தவறு பெரும்பாலும் குறிப்பில்தான் இருக்கிறது. “விறைப்பைக் குறை” என்பது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. எந்தச் சொல்லைத் தொட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை எழுதுபவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அவர் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி ஊகிப்பதால், கடிதம் ஒரு முடிவுக்கு வராமல் ஆடிக்கொண்டே இருக்கிறது.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டே பார்ப்போம். மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் தம்பி ஒருவர், தன் ஊர்ப் பக்கத்து மளிகைக் கடைகளுக்குக் கொடுக்க எழுதியது இது:

“எங்கள் நிறுவனத்தின் வாயிலாக மரச்செக்கு முறையில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் மற்றும் தேங்காய் எண்ணெய் ஆகியவை தயாரிக்கப்பட்டு வருகின்றன என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். எங்கள் எண்ணெய் ஓரளவு தரமானதாக இருக்கும் என நம்புகிறோம். வாரம் ஒருமுறை விநியோகம் மேற்கொள்ள முயற்சி செய்யப்படும். அடியில் வண்டல் தங்க வாய்ப்புள்ளது. தாங்கள் விரும்பினால் மாதிரி அனுப்பி வைக்க இயலும்.”

விறைப்பும் இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

முதல் படி: யார் படிக்கப் போகிறார் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

குறிப்பின் தலையில் இது இருக்க வேண்டும். இந்தக் கடிதத்துக்கு நான் எழுதியது: “படிப்பவர் கடைக்காரர். உங்களைவிட வயதில் மூத்தவர், உங்களை முன்பின் தெரியாது. கல்லாவில் நின்றபடி, வாடிக்கையாளர்களுக்கு நடுவே படிப்பார்.”

மரியாதை எவ்வளவு, நீளம் எவ்வளவு என்ற கேள்விகளில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். பின்னால் கருத்து வேறுபாடு வந்தாலும் “எனக்குப் பிடிக்கவில்லை” என்று இழுபறி செய்யாமல் இந்த வரியைக் காட்டிப் பேசலாம்.

இரண்டாம் படி: தயக்கத்தை முதலில் கவனியுங்கள்

ஏன் இது முதலில்? தயக்கத்தை நீக்கும்போது விஷயமே மாறும், புதிய தகவல் உள்ளே வரும். விறைப்பை நீக்குவது சொற்களை மட்டும்தான் மாற்றும். சொற்களை முதலில் செதுக்கிவிட்டால், அப்புறம் தகவல் மாறும்போது அந்த உழைப்பு வீணாகும்.

“இன்னும் தன்னம்பிக்கையோடு எழுதுங்கள்” என்று மட்டும் சொன்னால் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: “ஈடு இணையற்ற தரம்”, “நூறு சதவீதம் சுத்தமான”, “தலைசிறந்த”. எழுதுபவர் அடைமொழிகளைக் கொட்டுவார். தயக்கம் அப்படியே உள்ளே இருக்கும், மேலே ஆரவாரம் மட்டும் சேரும்.

அதனால் தயக்கம் எந்தச் சொல்லில் தங்கியிருக்கிறது என்று தேடிக் கோடிடுங்கள். இந்தக் கடிதத்தில் “ஓரளவு”, “என நம்புகிறோம்”, “முயற்சி செய்யப்படும்”, “வாய்ப்புள்ளது”, “இயலும்” என்று ஐந்து இடங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுதியவரிடம் ஒரே கேள்வி: இது உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா, தெரியாதா?

வாரம் ஒருமுறை கொண்டுபோய்க் கொடுப்பது உறுதியா என்று கேட்டேன். “செவ்வாய்க்கிழமை வண்டி கட்டாயம் போயிடும் அண்ணா” என்றார். அப்படியானால் “முயற்சி” என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. மாதிரி அனுப்புவதும் அவர் கையில் இருப்பதுதான், “இயலும்” வேண்டாம். தரம் பற்றி? “எள்ளோட கருப்பட்டி போட்டுத்தான் ஆட்டுறோம், வேற எண்ணெய் கலக்குறதே இல்ல” என்றார். இதைவிடத் தெம்பான வாக்கியம் எதுவும் கிடையாது. “ஓரளவு தரமான” போய் இது வர வேண்டும்.

வண்டல் மட்டும் வேறு. செக்கில் ஆட்டிய எண்ணெயைத் தெளியவைத்து எடுத்தாலும், சில சமயம் புட்டியின் அடியில் கொஞ்சம் படியும், சில சமயம் படியாது. அது உண்மையாகவே உறுதியில்லாத விஷயம். அங்கே “தங்கலாம்” என்பது தயக்கம் ஆகாது, நேர்மை. அதை எடுக்கச் சொன்னால், எண்ணெய் வாங்கிய கடைக்காரர் அடியில் வண்டலைப் பார்த்ததும் கடிதம் முழுவதையும் சந்தேகப்படுவார்.

ஆகவே குறிப்பு இப்படி ஆனது: “கோடிட்ட ஐந்து இடங்களில் நான்கில் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை நேராகச் சொல்லுங்கள். வண்டல் வரியில் ‘தங்கலாம்’ இருக்கட்டும். எந்த அடைமொழியும் புதிதாகச் சேர்க்க வேண்டாம். தரம் பற்றிச் சொல்ல, ஆட்டும் முறையைச் சொன்னால் போதும். நடையை இந்தச் சுற்றில் தொட வேண்டாம்.”

திரும்பி வந்தது:

“எங்கள் நிறுவனத்தின் வாயிலாக மரச்செக்கு முறையில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் மற்றும் தேங்காய் எண்ணெய் தயாரிக்கப்பட்டு வருகின்றன என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். நல்லெண்ணெய்க்கு எள்ளுடன் கருப்பட்டி சேர்த்து ஆட்டப்படுகிறது. எதிலும் வேறு எண்ணெய் கலக்கப்படுவதில்லை. செவ்வாய்தோறும் விநியோகம் மேற்கொள்ளப்படும். அடியில் வண்டல் தங்கலாம். தாங்கள் விரும்பினால் மாதிரி அனுப்பி வைக்கப்படும்.”

இன்னும் விறைப்புதான். ஆனால் தயக்கம் போய்விட்டது. ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்றைத் தொட வேண்டியதில்லை என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

மூன்றாம் படி: விறைப்புக்கும் இடம் காட்டுங்கள், கூடவே ஒரு எல்லையும் போடுங்கள்

தமிழில் விறைப்பு சில குறிப்பிட்ட இடங்களில்தான் குடியிருக்கும். “ஆட்டப்படுகிறது”, “கலக்கப்படுவதில்லை” என்று செய்பவரை மறைக்கும் வினைகள் ஒன்று. “விநியோகம் மேற்கொள்ளப்படும்” என்பதுபோல, ஒரு வினையில் முடிவதைப் பெயர்ச்சொல்லாக்கி அதற்கு இன்னொரு வினையை ஒட்டவைப்பது மற்றொன்று. “என்பதைத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி” என்று விஷயத்துக்கு வெளியே போடும் உறை மூன்றாவது. “தாங்கள்”, “வாயிலாக” போன்ற சொற்கள் அப்புறம்தான். கண்டுபிடிக்க ஒரு வழி: கடைக்காரர் எதிரில் நிற்பதாக வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். எந்தச் சொல்லை நேரில் சொல்ல நாக்கு கூசுகிறதோ, அங்கே கோடிடுங்கள்.

இடத்தைக் காட்டினால் மட்டும் போதாது. மறுபக்கம் எதைத் தாண்டக் கூடாது என்பதும் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வடிவம் எகிறிக் குதித்துவிடும். “கொஞ்சம்”, “சற்று” என்பவற்றுக்கு அளவு கிடையாது. உங்கள் “கொஞ்சம்” வேறு, அவருடைய “கொஞ்சம்” வேறு. அதற்குப் பதில் ஒரே வரியை மூன்று விதமாக எழுதி, நடுவில் இருப்பதைக் காட்டுங்கள்:

மாதிரி அனுப்பி வைக்கப்படும்.
மாதிரி அனுப்புகிறோம்.
சாம்பிள் அனுப்பிடுறோம்.

“நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது, கடிதம் முழுக்க அந்த உயரத்தில் இருக்கட்டும்” என்று எழுதினால், எங்கே நிற்க வேண்டும் என்பதில் ஊகத்துக்கு வேலை இல்லை. என் அனுபவத்தில் எந்த நீண்ட விளக்கத்தையும்விட இந்த மூன்று வரிகள் நன்றாக வேலை செய்கின்றன.

முழுக் குறிப்பு: “‘-ப்படும்’, ‘-ப்படுகிறது’ வரும் இடங்களில் ‘நாங்கள்’ வெளியே வரட்டும். ‘தெரிவித்துக்கொள்வதில்’ என்ற உறையை எடுத்துவிட்டு விஷயத்திலிருந்தே தொடங்குங்கள். ‘தாங்கள்’ ‘நீங்கள்’ ஆகட்டும். எழுத்து நடையின் வினைமுடிவுகள் அப்படியே இருக்கட்டும். தகவல் எதையும் மாற்ற வேண்டாம்.”

நான்காம் படி: முடிந்த வரியைப் பூட்டுங்கள்

அடுத்து வந்த வடிவம்:

“வணக்கம். நாங்கள் மரச்செக்கில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். நல்லெண்ணெய்க்கு எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம். எதிலும் வேறு எண்ணெய் கலப்பதில்லை. செவ்வாய்தோறும் உங்கள் கடைக்கே கொண்டுவந்து தருகிறோம். அடியில் வண்டல் தங்கலாம். ஒரு தடவை வாங்கிப் பாருங்க, அப்புறம் விடவே மாட்டீங்க!”

கடைசி வரி தவிர எல்லாம் சரி. இந்த நேரத்தில் “கொஞ்சம் அடக்கி வாசிங்க” என்று பொதுவாகச் சொன்னால், நன்றாக வந்த வரிகளையும் அவர் மறுபடி விறைப்பாக்கிவிடுவார். ஆட்டம் திரும்பத் தொடங்குவது பெரும்பாலும் இங்கேதான். எனவே முதலில் பூட்டுங்கள்: “‘வணக்கம்’ முதல் ‘தங்கலாம்’ வரை முடிந்தது, தொட வேண்டாம்.” பிறகு மீதி: “கடைசி வரி எல்லையைத் தாண்டிவிட்டது. மாதிரி பற்றிய பழைய தகவலும் காணாமல் போயிருக்கிறது. அதை நடு உயரத்தில் ஒரே வரியாகத் தாருங்கள்.”

கடிதம் முடிவை நோக்கிப் போகிறதா என்பதை அறியவும் இந்தப் பூட்டுதான் உதவும். ஒவ்வொரு சுற்றிலும் திறந்திருக்கும் வரிகள் குறைய வேண்டும். குறையவில்லை என்றாலோ, பூட்டிய வரியை நீங்களே மறுபடி திறக்கிறீர்கள் என்றாலோ, குறிப்பை நிறுத்திவிட்டு முதல் படியில் எழுதிய வரியைப் பாருங்கள். படிப்பவர் யார் என்பதில் நீங்களே மனம் மாறியிருப்பீர்கள். இரண்டு பேர் குறிப்புக் கொடுக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். ஒருவருக்குக் கடைக்காரர் மனதில் இருப்பார், இன்னொருவருக்கு வங்கி மேலாளர். அவர்கள் தங்களுக்குள் பேசி ஒரே குறிப்பாகக் கொடுக்கும்வரை எழுதுபவர் என்ன செய்தாலும் தீராது.

கோடிட இடமே கிடைக்காதபோது

சில நேரம் விறைப்பாக இருப்பது நன்றாகத் தெரியும், ஆனால் எந்தச் சொல்லிலும் கை வைக்க முடியாது. அப்போது சிக்கல் வரிசையில் இருக்கும். கடைக்காரர் முதலில் தேடுவது என்ன எண்ணெய், எப்போது வரும் என்பதைத்தான். அதை நான்கு பத்திக்குக் கீழே வைத்துவிட்டு மேலே நிறுவன வரலாறு ஓடினால், சொல்லை எவ்வளவு இளக்கினாலும் கடிதம் விறைப்பாகவே தோன்றும். அங்கே நடை பற்றிய குறிப்பை எழுதாதீர்கள். “செவ்வாய்க்கிழமை வரியை இரண்டாவது வரியாகக் கொண்டுவாருங்கள்” என்பதுபோல இடமாற்றத்தை மட்டும் சொல்லுங்கள். நடையை அடுத்த சுற்றில் பார்க்கலாம்.

எப்போது நிறுத்துவது

நீங்கள் எழுதப்போகும் குறிப்பைப் படிப்பவரைக் காட்டி நியாயப்படுத்த முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். தம்பியின் கடைசி வரி “மாதிரி பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், கால் லிட்டர் அனுப்புகிறோம்” என்று வந்தது. நானாக இருந்தால் “வேண்டுமானால்” என்று எழுதியிருப்பேன். ஆனால் கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் அந்த வரியையும் பூட்டினேன், கடிதம் அச்சுக்குப் போனது.